அறிமுகம் சொன்ன வழியிலேயே கட்டுரை போகிறதா? ஒரு கட்டுரை அறிமுகத்தை மதிப்பிடும் முறை

திருகோணமலைப் பிள்ளைகள் எழுதும் கட்டுரை எதைப் பற்றியதாக இருந்தாலும் முதல் வசனம் பெரும்பாலும் இயற்கைத் துறைமுகமாகவே இருக்கும். கடற்றொழில் என்றாலும் துறைமுகம், உல்லாசப் பயணம் என்றாலும் துறைமுகம். பாடசாலையை விட்டு இடையில் விலகும் மாணவர்களைப் பற்றிய ஒரு கட்டுரைகூட ஒருமுறை துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. உவர்மலையில் வீட்டு விறாந்தையில் இருந்து பல்கலைக்கழக மாணவர்களின் ஒப்படைகளை வாசித்துக் கருத்துச் சொல்வது பல வருடங்களாக என் மாலை வேலை. அதனால் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்தத் துறைமுக வசனம் ஏன் வருகிறது என்று கவனித்தாலே அறிமுகத்தை மதிப்பிடுவதில் பாதி பிடிபட்டுவிடும். எழுதத் தொடங்கும்போது, தான் என்ன சொல்லப் போகிறோம் என்பது எழுதுபவருக்கே தெரியாது. தெரியாதபோது தெரிந்த இடத்தில் தொடங்குகிறார். பிறகு உடற்பகுதி எங்கோ போய்விடுகிறது, அறிமுகம் மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளின் அறிமுகங்களை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ், 1990-இல் வெளியிட்ட மாதிரியில் அவற்றில் மூன்று நகர்வுகள் இருப்பதாகக் காட்டினார். முதலில் களத்தைக் காட்டுவது, அடுத்து அந்தக் களத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் காட்டுவது, பிறகு அந்த இடத்தில் தான் அமர்வது. நாம் பேச்சில் பின்புலம், இடைவெளி, பாதை என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று அடையாளமிடுவது சுலபம், பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மூன்றும் இருந்தும் அறிமுகம் பொய்யாக இருக்கலாம். பலகையில் நிலாவெளி என்று எழுதிய பஸ் கிண்ணியாப் பக்கம் திரும்பினால், பலகை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயணிக்கு என்ன பயன்? ஆகவே நான் மதிப்பிடும் வரிசை தலைகீழானது. அறிமுகத்தைக் கடைசியில்தான் வாசிப்பேன்.

முதல் வேலை: அறிமுகத்தை மூடிவிட்டு உடற்பகுதியை வாசிப்பது

அறிமுகத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிடுங்கள். அதை முதலில் வாசித்தால், அது சொன்னதை உடற்பகுதியில் நீங்களே தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இல்லாத இடத்தில்கூட இருப்பதாகத் தோன்றும். இரண்டாம் பந்தியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி பந்தியின் தலைப்பாக இருக்கக்கூடாது, பந்தி உண்மையில் என்ன செய்கிறது என்பதாக இருக்க வேண்டும். "வருமானம் பற்றி" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. "வலை இழுக்க வின்ச் இயந்திரம் வந்தபின் எரிபொருளுக்கென ஒரு பங்கு தனியாகக் கழிக்கப்படுகிறது என்று காட்டுகிறது" என்று எழுதினால் பிறகு ஒப்பிடலாம். ஒரு வரியில் சொல்ல முடியாத பந்தி இருந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

இனி ஓர் உதாரணத்தோடு போவோம். பல மாணவர்களின் எழுத்தில் கண்ட பிழைகளைக் கலந்து, விளக்குவதற்காக நானே அமைத்த மாதிரி இது. அதிலுள்ள எண்ணிக்கைகளையும் உசாத்துணைகளையும் கற்பனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை ஏறத்தாழ 2400 சொற்கள், பன்னிரண்டு பந்திகள். தலைப்பு, "கரைவலைத் தொழிலில் வின்ச் இயந்திரத்தின் தாக்கம்". கரைவலை இழுக்கும் கரையிடங்களான பாடுகளில் இரண்டில் ஒன்பது பேரை நேர்காணல் செய்து எழுதப்பட்டது. அறிமுகத்தை மறைத்துவிட்டு வாசித்தபோது என் தாளில் விழுந்த வரிகள் இவை:

2. கரைவலை என்றால் என்ன, மடி எது, கயிறு எது, பாடு என்றால் என்ன என்று விளக்குகிறது.
3. வின்ச் வருமுன் ஒரு வலையை இழுக்க எத்தனை பேர் தேவைப்பட்டனர் என்று சொல்கிறது.
4. இப்போது எத்தனை பேர் போதும் என்று சொல்கிறது.
5. முன்பு பிடிபாட்டின் பங்கு எப்படிப் பிரிந்தது.
6. இப்போது எப்படிப் பிரிகிறது, வின்சுக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு போகிறது.
7. வேலை இழந்தவர்களில் வயதானவர்கள்.
8. வேலை இழந்தவர்களில், மற்றத் தொழில் இல்லாத மாதங்களில் மட்டும் வந்து இழுத்தவர்கள்.
9. வின்ச் வாங்க வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி பட்ட கடன்.
10. கடலடிக்குப் பாதிப்பு என்று "பலரும் கூறுகின்றனர்". சான்று இல்லை.
11. கடன் இருப்பதால் இரண்டு சம்மாட்டிகள் வின்சைக் கைவிட முடியாமல் இருப்பது.
12. முடிவு: பங்குமுறையை எழுத்தில் பதிய வேண்டும்.

இந்தப் பட்டியலை மட்டும் ஒருவரிடம் காட்டி, இது எதைப் பற்றிய கட்டுரை என்று கேளுங்கள். "வின்ச் வந்ததால் கரைவலையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது மாறிவிட்டது" என்று சொல்வார். நல்ல கட்டுரை. சரி, இப்போது தாளை எடுத்துவிட்டு அறிமுகத்தை வாசிப்போம்:

"(1) திருகோணமலை உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகத்தைக் கொண்ட மாவட்டமாகும். (2) இலங்கையில் பழங்காலம் முதல் மீன்பிடித் தொழில் நடைபெற்று வருகிறது. (3) அண்மைக் காலத்தில் கரைவலையை இழுக்க ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் பயன்படுத்தப்படுகிறது. (4) கிழக்கு மாகாணத்தில் இதன் தாக்கத்தை இதுவரை எவரும் ஆராயவில்லை. (5) எனவே இக்கட்டுரை முதலில் கரைவலையின் வரலாற்றையும், இரண்டாவதாக வின்சினால் கடல்வளத்துக்கு ஏற்படும் பாதிப்பையும், மூன்றாவதாகத் தொழிலாளரின் வருமான மாற்றத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இறுதியில் தீர்வுகளை முன்வைக்கும்."

மேலோட்டமாகப் பார்த்தால் குறை இல்லை. பின்புலம் மூன்று வசனம், இடைவெளி ஒன்று, பாதை ஒன்று. அடையாளமிடும் ஆசிரியர் இதற்கு முழுப் புள்ளியும் கொடுத்துவிடுவார்.

பின்புலம்: நீக்கிப் பார்ப்பது

இதற்கு அதிக நேரம் வேண்டாம். ஒவ்வொரு பின்புல வசனத்தையும் விரலால் மறைத்துவிட்டு இடைவெளி வசனத்தை வாசியுங்கள். அது இல்லாமலும் இடைவெளி புரிகிறது என்றால் அந்த வசனம் பின்புலம் அல்ல, வெறும் அலங்காரம். முதல் இரண்டும் இங்கே விழுந்துவிடுகின்றன. மூன்றாவது மட்டும் நிற்கிறது, ஏனென்றால் ஆட்களுக்குப் பதில் வின்ச் வந்தது தெரியாமல் "இதன் தாக்கம்" என்பதில் உள்ள "இது" எது என்று புரியாது.

பின்புலம் எவ்வளவு தூரத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்பார்கள். காரணம் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியது பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய 17ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கினால் வாசகர் முந்நூறு வருடம் நடக்க வேண்டும், அந்த நடையில் தாக்குதலுக்கான காரணம் ஒன்றும் கிடைக்காது. அதே ஆண்டு பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது என்று தொடங்கினால் இரண்டே வசனத்தில் காரணம் வந்துவிடும். பிரித்தானியக் கடற்படைக்கு அதன்பின் இலங்கைத் துறைமுகங்கள் ஏன் அவ்வளவு தேவைப்பட்டன என்பது வாசகருக்குத் தானாகவே புரியும்.

இடைவெளி: மூன்று கேள்விகள்

நான் அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு வசனத்தில்தான். "இதுவரை எவரும் ஆராயவில்லை" என்பது மாணவர் எழுத்தில் அதிகம் புழங்கும் வசனம், ஆபத்தானதும் அதுதான். எவரும் என்றால் உலகில் எவருமா? தமிழில் எவருமா? நூலகத்தில் அரை மணி நேரம் தேடியதில் கிடைக்கவில்லையா? வாசகருக்குத் தெரிய வழியில்லை, எழுதியவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

முதல் கேள்வி, இது உண்மையா? இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போய் உசாத்துணைப் பட்டியலைப் பாருங்கள். நம் மாதிரிக் கட்டுரையில் நான்கு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது, வின்ச் வந்ததால் இதே கிழக்குக் கரையில் கரைவலைத் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்ததைப் பற்றியது! எவரும் ஆராயவில்லை என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, ஆராய்ந்தவரைக் கடைசிப் பக்கத்தில் பெயர் போட்டுக் காட்டியிருக்கிறார். இது அபூர்வமான பிழை என்று நினைக்க வேண்டாம், அடிக்கடி பார்க்கிறேன். அறிமுகம் முதல் நாள் எழுதப்பட்டது, அந்த ஆய்வு மூன்றாவது வாரத்தில் கிடைத்தது, யாரும் திரும்பிப் போய் அந்த வசனத்தைத் தொடவில்லை.

இரண்டாவது கேள்வி, இடைவெளியின் அளவும் சான்றின் அளவும் ஒன்றா? அறிமுகம் கிழக்கு மாகாணம் என்கிறது. கையில் இருப்பது இரண்டு பாடுகள், ஒன்பது பேர். ஒன்பது பேரிடம் பேசி மாகாணத்தின் இடைவெளியை அடைக்க முடியாது. ஆனால் ஒன்பது பேரிடம் ஆழமாகப் பேசி, பங்கு பிரிக்கும் முறை எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட முடியும். இடைவெளியைச் சுருக்கினால் கட்டுரை சிறுத்துவிடும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் பெரிய இடைவெளிக்கு முன் சிறிய சான்று பரிதாபமாகத் தெரியும், அதே சான்று தன் அளவுக்கேற்ற இடைவெளியில் கச்சிதமாக உட்காரும்.

மூன்றாவது கேள்வியை ஒரு சிறு பயிற்சியாகச் செய்யலாம். இடைவெளி வசனத்தை ஒரு கேள்வியாக மாற்றி எழுதுங்கள். பிறகு கட்டுரையின் முடிவுப் பந்தியை அந்தக் கேள்விக்கான பதிலாக வாசியுங்கள். நம் மாதிரியில் கேள்வி, "கிழக்கு மாகாணத்தில் வின்சின் தாக்கம் என்ன?" முடிவு, "பங்குமுறையை எழுத்தில் பதிய வேண்டும்." கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நடுவில் ஒரு கேள்வி காணாமல் போயிருக்கிறது. இந்த முடிவு எந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க முடியும் என்று பின்னோக்கி யோசித்தால் அது வெளியே வரும்: வின்ச் வந்தபின் எஞ்சியவர்களின் பங்கு எப்படி மாறியது? உசாத்துணையில் உள்ள மூன்றாவது ஆய்வு எண்ணிக்கை குறைந்ததைத்தான் சொன்னது, பங்கைக் கேட்கவில்லை. அப்படியென்றால் இவருக்கு உண்மையான இடைவெளி ஒன்று இருந்திருக்கிறது, கையிலேயே வைத்துக்கொண்டு அதை எழுதாமல் விட்டிருக்கிறார்.

இடைவெளி என்றால் யாரும் தொடாத விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னவர் சொன்னதை மறுப்பதும், அவர் முடித்த இடத்திலிருந்து ஒரு கேள்வி எழுப்புவதும், அவர் தொடங்கியதைத் தொடர்வதும் ஸ்வேல்ஸின் மாதிரியில் இதே இரண்டாம் நகர்வுக்குள் அடங்கும். மாணவர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது, முன்னவர் நின்ற இடத்தைச் சொல்லி அங்கிருந்து ஒரு கேள்வி எழுப்பும் வகையை. பொய் சொல்ல அதில் இடம் குறைவு.

பாதை: பட்டியலோடு பொருத்துவது

இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதை வசனம் நான்கு வாக்குறுதி தருகிறது: வரலாறு, கடல்வளம், வருமானம், தீர்வு. ஒவ்வொன்றுக்கும் நேரே, அதை நிறைவேற்றும் பந்தி எண்ணை எழுதுங்கள்.

வரலாறு: ஒரு பந்தியும் இல்லை. இரண்டாம் பந்தி கரைவலை என்ன என்று சொல்கிறது, அதன் வரலாற்றைச் சொல்லவில்லை. கடல்வளம்: பத்தாம் பந்தி மட்டும், அதுவும் பிறர் சொல்கேட்டது. வருமானம்: 5, 6. மிகவும் தாராளமாகப் பார்த்தால் 9, 11. தீர்வு: 12-இல் ஒன்று, "தீர்வுகள்" என்று பன்மையில் சொன்னதற்கு ஒன்றே ஒன்று. பாதையில் எங்குமே வராத பந்திகள்: 2, 3, 4, 7, 8. அதாவது யார் வெளியேறினார்கள் என்ற கட்டுரையின் மிகச் சுவையான பகுதிக்குப் பாதையில் இடமே இல்லை.

கன்னியாவில் ஏழு கிணறு என்று சொல்லிக் கூட்டிப் போனால், வருகிறவர் நின்று எண்ணித்தான் பார்ப்பார். கட்டுரை வாசகரும் அப்படியே. "மூன்றாவதாக" என்று எழுதிவிட்டால் அவர் மூன்றுவரை எண்ணுவார்.

வாக்குறுதிகளின் எண்ணிக்கை, அவை வரும் வரிசை, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடம் ஆகிய மூன்றையும் பார்த்தபின் வினைச்சொற்களைப் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இது. பாதை "ஒப்பிட்டு ஆராய்ந்து" என்கிறது. ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். ஐந்தாம் பந்தி பழைய பங்குமுறையை ஒரு நாள் பிடிபாட்டுக்குச் சொல்கிறது, ஆறாம் பந்தி புதிய முறையை ஒரு மாதக் கணக்கில் சொல்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் ஒப்பீடு நடக்கவில்லை. "விவரிக்கும்", "ஒப்பிடும்", "மதிப்பிடும்", "வாதிடும்" என்பவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கடன். எந்த வினையை எழுதினாரோ அந்தக் கடனை உடற்பகுதி அடைத்திருக்க வேண்டும்.

எதைத் திருத்துவது?

பொருந்தாதபோது மாணவர்கள் முதலில் செய்வது, பாதையில் சொன்னதற்காக உடற்பகுதியில் வரலாற்றுப் பந்தி ஒன்றை அவசரமாகத் திணிப்பது. நான் தடுப்பேன். உடற்பகுதி சான்றுகளோடு வளர்ந்தது, அறிமுகம் ஊகத்தில் எழுதப்பட்டது. இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் மாற வேண்டியது அறிமுகம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறந்தால் புள்ளி போய்விடும். விரிவுரையாளர் கொடுத்த ஒப்படைக் கேள்வியை எடுத்து மூன்றாவது தாளாக வையுங்கள். அதில் "சுற்றாடலிலும் வாழ்வாதாரத்திலும் ஏற்பட்ட தாக்கம்" என்று கேட்டிருந்தால், பத்தாம் பந்தி உண்மையான சான்றோடு வளர்ந்தே ஆக வேண்டும். அப்போது அறிமுகம் சரி, உடற்பகுதிதான் பிழை. தலைப்பை மாணவர் தானே தேர்ந்திருந்தால் பத்தாம் பந்தியைத் தயங்காமல் எடுத்துவிடலாம். நம் மாதிரியில் தலைப்பு அவருடைய சொந்தத் தேர்வு.

கருத்து எழுதும்போது "அறிமுகம் தெளிவில்லை" என்று எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. நான் ஓரத்தில் எழுதுவது இப்படி இருக்கும்: "4ஆம் வசனம்: உங்கள் 3ஆவது உசாத்துணை இதைச் செய்திருக்கிறதே? அது எங்கே நிற்கிறது என்று சொல்லி, அதற்கடுத்த கேள்வியை எழுதுங்கள்." "5ஆம் வசனம்: 7, 8ஆம் பந்திகள் இதில் எங்கே?" கேள்வியாகக் கேட்டால் மாணவர் தன் தாளைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பார்.

திருத்தி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"கரைவலையை இழுக்க ஒரு காலத்தில் கரையில் கூடும் ஆட்களின் கைகளே போதுமாக இருந்தன. இன்று உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையிலுள்ள சில பாடுகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் அந்த வேலையைச் செய்கிறது. வின்ச் பற்றி இங்கு பயன்படுத்தப்பட்ட நான்கு ஆய்வுகளில் மூன்று, கடலடிக்கும் மீன்குஞ்சுகளுக்கும் நேரும் பாதிப்பைப் பேசுகின்றன. மற்றொன்று தொழிலாளர் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டுகிறது. ஆனால் எஞ்சியவர்களின் பங்கு எப்படி மாறியது என்பதை அது கேட்கவில்லை. இரண்டு பாடுகளில் ஒன்பது பேருடன் நடத்திய நேர்காணல்களைக் கொண்டு இக்கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. கரைவலையின் அமைப்பைச் சுருக்கமாக விளக்கியபின், ஒரு வலைக்குத் தேவைப்படும் ஆட்களையும் அவர்களின் பங்கையும் வின்சுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறது. அடுத்து, யார் தொழிலை விட்டு வெளியேறினார்கள் என்று காட்டுகிறது. இறுதியில், சம்மாட்டியின் கடன் இந்த மாற்றத்திலிருந்து பின்வாங்க முடியாதபடி செய்திருப்பதால் பங்குமுறை எழுத்தில் பதியப்பட வேண்டும் என்று வாதிடுகிறது."

இப்போது அறிமுகம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. 2400 சொல் கட்டுரைக்கு இருநூற்று நாற்பது சொல்வரை அறிமுகம் இருக்கலாம், பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஐந்தாம், ஆறாம் பந்திகளை ஒரே கால அளவுக்குக் கொண்டுவந்து, பத்தாவதை நீக்கி, ஒன்பதையும் பதினொன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் பாதை உடலோடு பொருந்திவிடும்.

கடைசி வேலை: ஒரே சொல்லைத் துரத்துவது

புதிய அறிமுகத்தின் முக்கியச் சொல்லை எடுத்து உடற்பகுதி முழுக்கத் தேடுங்கள். கோப்பாக இருந்தால் Ctrl+F போதும். நம் மாதிரியில் அந்தச் சொல் "பங்கு". ஐந்தாம் பந்தியில் இருக்கிறது. ஆறாம் பந்தியில் பாதியிலேயே "கூலி" ஆகிவிடுகிறது. சொல் மாறினால் பெரும்பாலும் கவனக்குறைவுதான், ஒரே சொல்லாக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் மாற்றுவதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இங்கே கேட்டால் இப்படி ஒரு பதில் வரலாம்: "இல்லை சேர், வின்ச் ஓட்டுறவருக்குப் பங்கு இல்லை. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அவருக்கு நாள் கூலிதான்."

பங்கு பிடிபாட்டோடு ஏறி இறங்கும், கூலி நிலையாக நிற்கும். மீன் படாத நாளின் நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதே அந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் இருக்கிறது. ஆகவே "கூலி"யை அழிக்க வேண்டாம். பாதை வசனத்தில் "அவர்களின் பங்கையும்" என்பதற்குப் பக்கத்தில் "அதில் ஒரு பகுதி நாள் கூலியாக மாறியதையும்" என்று சேர்த்துவிட்டு, ஆறாம் பந்தியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.